அக்கா கத்தும் இடம்

ஆய்வுக் கட்டுரையில் அது ஒரே வரிதான்: "டிஎன்ஏ ஆல்கஹாலில் வீழ்படிவாக்கப்பட்டு, கழுவி உலர்த்தப்பட்டது." எழுதிய புண்ணியவான்களுக்கு அதற்குள் கை வலித்துவிட்டது போலும். புதிதாகச் சேர்ந்த மாணவி தனியாகவே செய்யும்படி, அந்த வரியைப் படிப்படியாகப் பிரித்து ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எவ்வளவு ஆல்கஹால், எவ்வளவு நேரம் குளிரில், மையவிலக்கு இயந்திரத்தில் குழாயை எந்த வேகத்தில் சுழற்றுவது, எல்லாம் இருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. செய்முறையை இன்னொருவர் செய்துபார்க்கும்போது, எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைய கண்ணாடிச் சாமான் முழுவதையும் கழுவுவது அவர் தலையில்.

சுழற்றி முடித்து, அவள் குழாயை வெளியே எடுத்தாள்.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே?"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். சுழலும்போது வெளிப்பக்கம் இருந்த சுவரில், கண்ணுக்குத் தெரியாமல் டிஎன்ஏ ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் அடையாளம் தெரியத்தான் மூடியின் கீல் வெளியே பார்க்கும்படி குழாயை வைப்பேன். என் கை தானாகச் செய்யும் வேலை அது; எழுத மறந்துவிட்டேன். அவளோ ஆல்கஹாலை எடுக்க, டிஎன்ஏ ஒட்டிய சுவரோரமாகவே பிப்பெட்டை அடிவரை இறக்கி உறிஞ்சப் போனாள்; டிஎன்ஏவும் சேர்ந்து போய்விடும்.

"அய்யோ, அங்க வைக்காதடி!"

கீலை வெளியே திருப்பி மறுபடி சுழற்றினோம். டிஎன்ஏ பிழைத்தது. நான் பிழைக்கவில்லை.

சாமான்களைக் கழுவிவிட்டுச் செய்முறையைத் திருத்த வந்தேன். அவளே பேனாவால் ஒரு படி சேர்த்திருந்தாள்: "கீல் வெளியே பார்க்க வேண்டும். மறந்தால், இந்த இடத்தில் அக்கா கத்துவார்."