அமலுக்கு வராத சட்டம்

கிழக்குத் தாம்பரத்தில் வண்டி உதிரிபாகக் கடை நடத்தும் ஜஹீரா, பில்லின் பின்பக்கத்துப் பொடியெழுத்தையும் விடாமல் வாசிப்பவள். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையையும் அப்படித்தான் வாசித்தாள். முதலாளி கைவிட்டால், கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ அந்த நாடு மாலுமிகளை ஊருக்கு அனுப்பியாக வேண்டும். தம்பி அதீபுக்கும் அதையே தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்த சரக்குக் கப்பலில் அவன் இயந்திரத் தொழிலாளி. டீசல் தீர்ந்துபோய், சரக்குக்கு அடியில் போடும் பலகைகளை உடைத்து அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற மாதம் முதலாளியின் ஆள் படகில் வந்தான். சம்பள பாக்கி ஏதுமில்லையென்று கையெழுத்திட்டால் விமான டிக்கெட் என்றான்.

"போடாதடா. டிக்கெட் சட்டப்படி தானா வரும்" என்றிருந்தாள் ஜஹீரா.

வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மாலுமிகள் சங்க அதிகாரி ஜெயவேலுவைத் தேடி மாடம்பாக்கத்துக்குப் போனாள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பத்திரிகை அடிச்ச கல்யாணம்மா. தேதி இன்னும் குறிக்கல."

"புரியல சார்."

"2006-ல ஜெனீவாவுல நிறைவேத்துனாங்க. முப்பது நாடு ஏத்துக்கணும், அப்புறம் ஒரு வருஷம் ஆவணும், அப்பத்தான் அமலுக்கு வரும். இப்ப 2009. ஏத்துக்கினவங்கள ஒரு கை விரல்ல எண்ணிடலாம். நம்ம நாடும் இல்ல, அந்தக் கொடி நாடும் இல்ல."

ஜஹீராவின் கை, தான் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்ட வரியின் மேலேயே நின்றுவிட்டது.

"அப்ப கையெழுத்துக்குத் தரேன்ன டிக்கெட்டு?"

"முதலாளி ஆளு திரும்ப வந்தானா?"

"போனே எடுக்கறதில்லயாம்."

"கப்பல் மேலயே அங்க கேஸ் போடலாம்மா. ஏலத்துல வித்தா சம்பளம் வரும். மாசக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் ஆளில்லாம கப்பல விட துறைமுகம் ஒத்துக்காது. மாத்து ஆள் அனுப்பவேண்டிய முதலாளி ஓடிட்டான், இவங்க இறங்க முடியாது."

கைப்பேசி அடித்தது. இழுவைப் படகுக்காரரின் எண்ணிலிருந்து அதீப்.

"அக்கா, ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன், எல்லாரும் கீறாங்க. நீ படிச்சத நான் இங்கிலீஷ்ல சொன்னேன்ல, ஒருத்தர்கூடக் கையெழுத்துப் போடல. சீஃப் இன்ஜினியர் உன்ன 'லாயர் சிஸ்டர்'ன்றாரு."

அங்கே பலர் சிரித்தார்கள். தம்பி ஒருவனை அல்ல, கப்பலில் இருந்த எல்லோரையுமே தான் கையெழுத்திடாமல் நிறுத்திவைத்திருப்பது அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு விளங்கியது. ஜெயவேலுவைப் பார்த்தாள். அவர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் எப்ப வரும்னு கேக்கறாங்கக்கா."

"ஸ்பீக்கர அணைச்சுடு அதீப்."

"பரவால்ல, தமிழ் யாருக்கும் தெரியாது."

"அந்தச் சட்டம் இன்னும் அமலுக்கே வரலடா. நான் பாக்கல. டிக்கெட் வராது."

காற்றிரைச்சலுக்கு நடுவே யாரோ ஒருவர், சிரிப்பு அடங்காத குரலில், "வாட் ஷீ சே?" என்றார்.

அதீப் மொழிபெயர்க்கவில்லை.