குணசுந்தரி கருவாட்டுப் பொடிக்கு இரண்டு வரி

கரோலின் கடைக்கு லேபிள் அடிக்க வருகிறவர்கள் யாரும் சரக்கில் ஆரம்பிப்பதில்லை. இடியாப்ப மாவு விற்கிறவள் மாமியாரில் ஆரம்பிப்பாள். நைட்டி தைக்கிறவள் பத்தாம் வகுப்பில் பெயிலானதில் ஆரம்பிப்பாள். கரோலின் தடுக்க மாட்டாள். வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே கேட்பாள். முன்பின் தெரியாத ஒருத்தி பாட்டிலைக் கையில் எடுத்தால் அவளுக்கு என்ன தெரிய வேண்டும்? உள்ளே இருப்பது என்ன, மற்றதிலிருந்து இது எப்படி வேறு, இதை ஏன் நம்பலாம். அவ்வளவுதான் லேபிளில் நிற்கும். பேருக்குக் கீழே நாலைந்து வார்த்தையில் ஒரு வாசகம், அதற்குக் கீழே இரண்டு வரி விவரம். மற்றதெல்லாம் தாளோடு குப்பைக்குப் போகும்.

குப்பைக்குப் போவதில் பெரும்பகுதி அழுகை. பதினோரு வருடமாக அதை வெட்டி வெட்டி அவளுக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. கோயிலில் யாராவது நலம் விசாரித்தால், "அவர் சவூதியில இருக்கார். நாங்க நல்லா இருக்கோம்" என்பாள். அதுவும் இரண்டு வரிதான். வெட்டிப் போட்டது எங்கே கிடக்கிறது என்று அவள் தேடியதில்லை.

அன்று மதியம் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்தவள் குணசுந்தரி. முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஆறு பாட்டில் நெத்திலிக் கருவாட்டுப் பொடி. கூடவே பைக்கில் கொண்டுவந்து விட்ட தேசப்பன் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், ஆர்டர் போன் என் நம்பர் போடுங்க. இதுக்குப் போன்ல பேச வராது. பதிவு நம்பரு, தேதியெல்லாம் இந்தச் சீட்டுல கீது."

"நம்பர் கடைசியில. முதல்ல பொடியைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் கரோலின்.

அவனேதான் சொன்னான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் குணசுந்தரியின் புருஷன் வெள்ளத்துரையும் ஃபைபர் போட்டில் போனார்கள். மூன்று நாளில் திரும்ப வேண்டியது. எஞ்சின் நின்றது, காற்று இழுத்துக்கொண்டு போனது. கொண்டுபோன அரிசி நாலாம் நாள் தீர்ந்தது. மழைத்தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தார்கள்.

"அப்புறம் இவ கட்டிக்குடுத்த பொடிதான் மேடம். காலைல ஆளுக்கு ஒரு பிடி, சாய்ந்தரம் ஒரு பிடி. அவனுக்கு ஜொரம் வந்ததும் நான்தான் ஊட்டிவுட்டேன். ஒவ்வொரு வாட்டியும் இவ பேரத்தான் சொன்னான். அந்தப் பொடியிலயே இருபது நாள் தாக்குப் புடிச்சான். இருபத்தி ஏழாம் நாள் கப்பல்காரன் என்னைத் தூக்கும்போது நான் மட்டும்தான் இருந்தேன்."

நிறைய தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பான கதை அது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் நிறுத்திய இடங்களில் குணசுந்தரி தலையாட்டினாள். கரோலின் 'இருபது நாள்' என்று எழுதி வட்டம் போட்டாள்.

"இதான் மேடம், இத்தப் போடுங்க. படிச்சா வாங்காம போவானா?" என்றவன், போன் அடிக்கவும் வெளியே போனான். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தில் அவன் குரல் அமுங்கிப்போனது. மேசையில் மானிட்டர் லேசாக ஆடியது.

குணசுந்தரி அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

"அடுத்த மாசம் எங்களுக்குக் கல்யாணம்க்கா. ஊர்ல பேசி முடிச்சிட்டாங்க. ரெண்டு வருசமா எல்லாம் அவருதான் பாத்துக்கினாரு. போன மாசம் வரைக்கும் அண்ணேன்னு கூப்ட்டேன். இப்ப இன்னான்னு கூப்பிடறதுன்னு தெர்ல. எதுவும் கூப்பிடாமயே பேசிகினு கீறேன்."

"பழகிடும்" என்றாள் கரோலின். சொன்ன பிறகு, தனக்கு எது பழகியது என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு வேலையைப் பார்த்தாள். "பொடி எவ்வளவு நாள் தாங்கும்?"

"மூணு மாசம்."

"எல்லாரும் மூணு மாசம்னுதான் போடறாங்க. உன்னோடதை ஏன் நம்பணும்?"

இந்தக் கேள்வியை அவள் எல்லோரிடமும் கேட்பாள். அதுவரை சொல்லாத ஏதோ ஒன்று இங்கேதான் வெளியே வரும். பெரும்பாலும் அதுதான் லேபிளுக்கு ஏறும்.

குணசுந்தரி வாசலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவருகிட்டச் சொல்லாத. பாத்தா அழுவாரு. கப்பல்காரன் போட்ல இருந்த சாமானையும் சேத்து ஏத்திக்கினு வந்திருக்கான். விசாரணையெல்லாம் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு ஸ்டேஷன்ல கூப்ட்டுக் கோணிப்பையைக் குடுத்தாங்க. அவரு அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு. பையில எங்க வூட்டுக்காரரு சட்டை, டார்ச்சு, என் பொடி டப்பா. நான் குடுத்தனுப்புனது அந்த ஒரே டப்பாதான், அரைக் கிலோ, திருகுமூடி. தொறந்தேன்க்கா. அப்பதான் வறுத்தா மாதிரி வாசம். பூஞ்சை இல்ல, கட்டி இல்ல. ஒரே ஒரு வாட்டி தொறந்துட்டு மூடிட்டேன். பொட்டில வச்சிகீறேன். அத்தனை உப்புக்காத்துல கெடந்து கெடாதது கடைல கெடுமா?"

கரோலினுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, கிடைத்துவிட்டது என்கிற தொழில் சந்தோஷம். ஒருத்தியின் புருஷன் செத்த கதையில் தனக்கு இப்படித் தோன்றுவதைப் பற்றி அவள் வெட்கப்படுவதை எப்போதோ விட்டிருந்தாள். கீபோர்டை இழுத்தாள்.

வாசகம் உடனே வந்தது: *கடல் சோதித்த கருவாட்டுப் பொடி.*

முதல் வரி: *நடுக்கடலில் இருபது நாள் இரண்டு பேருக்குச் சோறாக இருந்தது.*

இரண்டாம் வரியை *மீந்த பொடி எட்டு மாதம் கழித்தும்* என்று ஆரம்பித்து நிறுத்தினாள். மீந்த பொடி என்றால் எவ்வளவு? டப்பாவில் ஒட்டியிருந்ததா, ஒரு கரண்டியா? அளவு இருந்தால் வரிக்குப் பிடிமானம் வரும்.

"டப்பாவில எவ்வளவு மிச்சம் இருந்தது?"

"கழுத்து வரைக்கும்" என்று குணசுந்தரி ஒரு பாட்டிலை எடுத்து மூடிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். "நான் தட்டித் தட்டி அடைச்சிக் குடுத்தா மாதிரியே."

கரோலினின் விரல்கள் கீபோர்டில் நின்றன.

காலையில் ஆளுக்கு ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி. இருபது நாள்.

அரை மணி நேரக் கதையில் தின்ற கணக்கும் நிறைந்த டப்பாவும் ஒன்றையொன்று பார்க்காமல் எங்கெங்கோ கிடந்தன. நடுவில் மழை, காய்ச்சல், கப்பல், ஸ்டேஷன், அழுகை. அதையெல்லாம் வெட்டி எடுத்தவள் அவள்தான். இப்போது நடுவில் எதுவும் இல்லை.

அவளால் அதைப் போடாமல் விட முடியும். 'கைப்பக்குவத்தில் வறுத்தது, மூன்று மாதம் கெடாது' என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். இவள் அந்த பைக்கில் ஏறிப் போவாள், அடுத்த மாதம் கல்யாணம் நடக்கும். தனக்கு என்ன தெரியும்? கடலில் நடந்ததை யார் பார்த்தது? வேறு ஏதாவது நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த நியாயத்தை அவன் இதுவரை சொல்லவில்லை. அவன் சொன்னது ஒரு பிடி, ஊட்டிவிட்டேன், பேரைச் சொன்னான்.

எழுதினாள். தைரியமா, தொழில் பழக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. மானிட்டரைக் குணசுந்தரி பக்கம் திருப்பினாள்.

"படிச்சுப் பாரு. சரியா இருக்கான்னு நீதான் சொல்லணும்."

குணசுந்தரி விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள்.

*நடுக்கடலில் இருபது நாள் இரண்டு பேருக்குச் சோறாக இருந்தது.*
*எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது டப்பாவில் கழுத்துவரை கெடாமல் இருந்தது.*

"நல்லா கீதுக்கா" என்றாள். விரல் முதல் வரிக்குத் திரும்பிப் போனது. இரண்டாம் வரிக்கு வந்தது. மறுபடி மேலே போனது. அந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. உள்ளங்கையைத் திருப்பி மேசைமேல் வைத்துக்கொண்டு, அதில் ஒரு பிடி எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கரோலின் பென்சிலைக் கீழே வைத்தாள். ஏதாவது சொன்னால் அது தன்னுடைய வார்த்தை ஆகிவிடும்.

தேசப்பன் மூன்று டீயோடு வந்தான். "முடிஞ்சுதா? இன்னா போட்டிருக்கீங்க, காட்டுங்க." குனிந்து படித்தான். முதல் வரியில் சிரிப்பு வந்தது. இரண்டாவது வரியில் அந்தச் சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

"எந்த டப்பா?"

"என் டப்பாதான். ஸ்டேஷன்ல குடுத்தாங்க" என்றாள் குணசுந்தரி.

"எங்கிட்டச் சொல்லவேயில்ல."

"நீ அழுவேன்னு சொல்லல."

அவன் டீயை மேசைமேல் வைத்தான். ஒன்று சாய்ந்து, தாளில் கரோலின் போட்டிருந்த வட்டத்தின்மேல் பரவியது. யாரும் துடைக்கவில்லை.

"ரெண்டாவது வரி வேணாம் மேடம். செத்தவன் டப்பான்னா எவ வாங்குவா. எடுத்துடுங்க."

"ஒரு நாளைக்கு எவ்ளோ தின்னீங்க?" குணசுந்தரியின் குரல் உயரவில்லை. மீன் விலை கேட்கிற குரல்தான்.

"இன்னா கேள்வி இது? ஒரு பிடின்றது பேச்சுக்குச் சொல்றது. உப்பு ஜாஸ்தி, கொஞ்சமாதான் உள்ள போச்சு."

"ஊட்டிவுட்டேன்னியே."

"ஊட்டிவுட்டேன்தான்."

"எத்தினி நாள்?"

அவன் கரோலினைப் பார்த்தான். அதுவரை கடைக்காரியாகத் தெரிந்தவளை இப்போதுதான் ஆளாகப் பார்க்கிறவன்போல இருந்தது அந்தப் பார்வை. பெயர்ப் பலகை, கல்லா, பின்பக்கக் கதவு என்று சுற்றி வந்தது.

"மேடம்தான் இத்தக் கேக்கச் சொன்னாங்களா?"

"அவங்க ரெண்டு வரி எழுதினாங்க. கேக்கறது நானு."

"வூட்ல பேசிக்கலாம். எழுந்துரு."

குணசுந்தரி எழுந்திருக்கவில்லை. "அக்கா, அவரு நம்பர எடுத்துட்டு என் நம்பர் போடு. நான் பேசக் கத்துக்கறேன். ரெண்டு வரியும் அப்படியே இருக்கட்டும். அம்பது அடி." பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு அவனைப் பார்க்காமல், "நீ போ. நான் ஷேர் ஆட்டோல வரேன்" என்றாள்.

"யோசிச்சுக்கோ குணா. ஊருக்குள்ள திரும்பி வரணும் நீ" என்றான் அவன். மெதுவாகத்தான் சொன்னான், அக்கறையாகச் சொன்னதுபோலவே இருந்தது. வெளியே போனான்.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. தாளுக்குப் பன்னிரண்டு லேபிளாக, அதே இரண்டு வரி, அதே இரண்டு வரி என்று வந்து விழுந்தது. பைக் கிளம்புகிற சத்தத்துக்காகக் கரோலின் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளம்பவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அவன் பைக்மேல் உட்கார்ந்து, யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. சிறிது நேரத்தில் இன்னொரு பைக் வந்து பக்கத்தில் நின்றது. வந்தவனும் இறங்காமல் கடையைப் பார்த்தான்.

குணசுந்தரி கத்தரிக்கோலை எடுத்து லேபிள்களை வட்ட வட்டமாக வெட்டினாள்.

"கடை எத்தினி மணிக்குச் சாத்துவக்கா?"

மணி நாலேகால். எட்டுக்குச் சாத்துவது வழக்கம். கரோலின் எழுந்து போய்ப் பின்பக்கக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து இன்னொரு கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இன்னைக்குச் சாத்தலை" என்றாள்.