ரிவர்ட் என்றால் என்ன

1.

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. 2009இல் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வண்டியில், முன்இருக்கையில் இரண்டு பெண்கள் ஓர் ஆங்கிலச் சொல்லுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரிவர்ட் பண்றேன்னா திருப்பி அனுப்பிடுவேன்னு அர்த்தம்டி. டிக்சனரியில பாத்துட்டேன்."

"அப்ப போஸ்ட்மேன் உன் ரெஸ்யூமைத் தூக்கிக்கிட்டு வருவாரு. குமராட்சியில உன் வீட்டு வாசல்ல நில்லு, போ."

புதுச்சத்திரத்தில் நான் இறங்கிவிட்டேன். மற்றதெல்லாம் என் கற்பனை. செய்தி எழுதிப் பழகியவன் கற்பனை செய்யும்போது நீங்கள் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

2.

முதல் தொடக்கம்: 'அறிவுமதி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.' (அடித்துவிட்டேன். வேலைக்குக் காத்திருக்கும் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

இரண்டாவது தொடக்கம்: 'கடலூருக்கு அருகே குடிகாட்டை ஒட்டிய ரசாயன ஆலை ஒன்றின் ஆய்வகத்தில்...' (இதையும் முடிக்கவில்லை. அவள் இன்னும் அந்த ஆய்வகத்துக்குள் போகவே இல்லையே.)

நேராகவே சொல்கிறேன். அறிவுமதி, பி.எஸ்சி. வேதியியல். ஆலையின் தரப் பரிசோதனைப் பணிக்குச் சென்னைக் கன்சல்டன்சி ஒன்று கடலூரில் ஆள் எடுத்தது. நேர்முகம் நன்றாகவே நடந்தது. பிறகு அங்கிருந்து சார்லஸ் என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார்: ஆலை முடிவு சொன்னதும் ரிவர்ட் செய்கிறேன்.

அதை அவள் நிராகரிப்பு என்றே படித்தாள். அதனால் பதில் எழுதவில்லை. சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளி ஆய்வக உதவியாளர் வேலைக்குக் கூப்பிட்டபோது சரி என்றாள். சனிக்கிழமை ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும்.*

* கொடுத்தால் கல்வியாண்டு முடியும்வரை திரும்பி வராது. ஆலையில் சேர அதே ஒரிஜினல்களைக் காட்ட வேண்டும். இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்.

3.

புதன்கிழமை முபீனா வந்தாள். கல்லூரித் தோழி, பேருந்தில் கேலி செய்தவள். அதே நேர்முகத்துக்குப் போனவள்.

"சென்னையில இருக்குற எங்க ரஃபீக் அண்ணன்கிட்ட கேட்டேன்டி. ஆபீஸ்ல பதில் போடுறதத்தான் ரிவர்ட்னு சொல்வாங்களாம். உனக்கு இன்னும் முடிவே ஆவல."

"நீ எதுக்கு அவுங்ககிட்ட கேட்ட? உனக்கு என்ன மெயில் வந்துச்சு?"

இங்கே நான் ஒரு பத்தி எழுதினேன். முபீனாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதை மறைக்கிறாள் என்று. கதை உடனே சூடு பிடித்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு கேள்வி கேட்டதற்காக ஒருத்தியைத் துரோகியாக்க எனக்கு என்ன ஆதாரம்?

பத்தியை நீக்கிவிட்டு இருவரையும் சிதம்பரம் கீழவீதி பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினேன். முபீனா தன் மின்னஞ்சலைத் திறந்து காட்டினாள். அதே வரிகள், பெயர் மட்டும் வேறு.

"பாத்துக்கிட்டியா? ஒரே இட்லித் தட்டுல ஊத்தி எடுத்துருக்காரு. இப்பவாச்சும் என்னை நம்புறியா, இல்ல சத்தியம் பண்ணணுமா?"

அறிவுமதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

4.

முதலில் அவள் தட்டச்சு செய்தது: 'இத்தனை நாளாகப் பதில் இல்லாதது எனக்கு வருத்தமும்...'

"அழிடி. அவரு என்ன உன் மாமனா, கோவிச்சுக்கிறதுக்கு?"

இரண்டாவது: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக...' அதையும் அவளே அழித்தாள். கடைசியில், சார்லஸின் பழைய மின்னஞ்சலுக்கே பதிலாக, ஆங்கிலத்தில் அனுப்பியதை இங்கே தமிழில் தருகிறேன்:

'அன்புள்ள திரு. சார்லஸ், தரப் பரிசோதனைப் பணிக்குக் கடலூரில் நடந்த நேர்முகத்தில் கலந்துகொண்டேன். அந்தப் பணியில் எனக்கு இன்னும் விருப்பம் உண்டு. தேர்வு எந்த நிலையில் இருக்கிறது, முடிவு எப்போது தெரியலாம் என்று சொல்ல முடியுமா? வேறொரு வேலைக்குச் சனிக்கிழமை நான் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன். என் கைபேசி எண் கீழே. நன்றி. சி. அறிவுமதி.'

குறையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சனிக்கிழமையை மிரட்டலாக எழுதாமல் தகவலாக எழுதியிருக்கிறாள். என் பாத்திரம் என்னைவிட நிதானமானவள் என்று அப்போது தெரிந்தது.

5.

மறுநாள் பதில் வந்தது. ஆலை இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் தாமும் எழுதவில்லை. பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் கேட்டுச் சொல்வார், உறுதி தர இயலாது.

நேர்மையான பதில்தான். ஆனால் திங்கள் சனிக்குப் பிறகு வருகிறது.

6.

சனிக்கிழமைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். பள்ளி வாசலில் கைபேசி அடிக்கிறது: நீங்கள் நம்பமாட்டீர்கள். அடிக்கவில்லை, அவள் சான்றிதழ்களைக் கொடுத்துவிடுகிறாள்: நிருபர்களுக்கு இப்படித்தான் எழுத வரும் என்பீர்கள்.

ஆகவே அவள் என்ன கேட்டாள் என்பதோடு நிறுத்துகிறேன். பள்ளி அலுவலகத்தில் உத்திராபதி என்ற எழுத்தர் கை நீட்டினார்.

"ஒரிஜினல் எல்லாம் இருக்குல்லம்மா?"

"இருக்கு சார். இன்னிக்கு ஜெராக்ஸ் குடுத்துட்டு, ஒரிஜினல செவ்வாக்கெழம தரட்டுங்களா? இன்னொரு எடத்துல திங்கக்கெழம பதில் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க."

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. உத்திராபதி நிமிர்ந்து பார்க்கிறார். அவர் வாயில் நான் எந்தச் சொல்லையும் வைக்கப் போவதில்லை. அந்த நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதையே அவர் சொல்லட்டும்.