உட்கார்ந்தவர்களின் எடை

நகரியில் விசைத்தறிக் கூலிக்காக உட்கார்ந்த வருஷம் லட்சுமம்மாவைத் தெருவிலிருந்து தூக்க ஒரு ஜீப் நிறையப் போலீஸ்காரர்கள் வந்தும் முடியவில்லை. அதே லட்சுமம்மா சில வருஷம் கழித்துச் சித்தூரில் ஒரு பெரிய ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபோது வேப்பமரத்தின் நடுக்கிளை உயரத்துக்கு மிதந்து போனாள். இரண்டையும் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்தவள் ஏகாம்பரத்தின் மகள் அலர்மேல்மங்கை. அதற்குள் ஒரு மழைக்காலம் வீணாகிவிட்டது.

நகரி கதை எல்லாருக்கும் தெரிந்தது. தீபாவளிக்கு முந்தின மாதம், துணி கேட்டு வெளியூர் வியாபாரிகள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்த சமயம் பார்த்துத் தறிக்காரர்கள் வேலையை நிறுத்தி முதலாளி வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். அறுந்த இழையை முடிய வேறு ஆள் கிடையாது. ஒரு தெரு நின்றதும் பக்கத்துத் தெருவும் நின்றது. மளிகைக்கடைக்காரர்கள் கடனுக்கு அரிசி கொடுத்தார்கள், ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சோறு வெந்தது. உட்கார்ந்தவர்கள் நேரம் ஆக ஆகக் கனத்தார்கள். லட்சுமம்மா உட்கார்ந்த இடத்தில் சிமென்ட் ரோடு விரிசல் விட்டது. கூலி ஏறியது. அதற்குப் பிறகு, எடை லட்சுமம்மாவின் உடம்பில் இருக்கிறது என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் நம்பியது. லட்சுமம்மாவும் நம்பினாள்.

மங்கையின் ஊர் கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் போகும் வழியில், மலையடியில் இருக்கிறது. ஏகாம்பரத்தின் அப்பாவும் அவருக்கு அப்பாவும் அடுத்தவன் நிலத்தில் குனிந்தே வாழ்ந்தவர்கள். ஏகாம்பரத்துக்கு அரசாங்கம், நிலமில்லாதவர்களுக்குத் தரும் டி.கே.டி. பட்டா கொடுத்தது. அந்த வம்சம் நிமிர்ந்து நின்று பார்த்த முதல் நிலம் அது. மலையிலிருந்து இறங்கும் கால்வாய் ஏரியை நிரப்பும், ஏரி நிலத்தை நனைக்கும். மலைக்கு மேல் ஒரு கல் கம்பெனி வந்தது. ஜல்லி உடைத்த தூளையும் கழிவுக்கல்லையும் கொண்டுவந்து கால்வாயில் கொட்டியது. இரண்டு மழை பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. சென்னையில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று ஏகாம்பரம் பேச ஆரம்பித்தார். "நீ போ நைனா, நான் வரல. குனிஞ்சி கும்பிடு போட்டுத் துன்ற சோறு நம்ம வூட்ல உன் நைனாவோட முடிஞ்சிது" என்றாள் மங்கை. திருப்பதியில் பி.எஸ்ஸி. முடித்தவள், அந்தத் தெருவில் முதல் பட்டம் அவளுடையது. மரியாதையாகப் பேச அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள்தான் நகரிக்குப் போய் லட்சுமம்மாவை அழைத்து வந்தாள். ஊர் முழுக்கச் சித்தூருக்கு பஸ் ஏறியது. குறைதீர் நாளில் அந்தப் பெரிய ஆபீசில் மனு கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். காலையில் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது, மதியத்துக்குள் எல்லாரும் ஆள் உயரத்தில் இருந்தார்கள். காற்றடித்தால் ரோட்டுக்குப் போய்விடுவார்கள் என்று ஒரு கான்ஸ்டபிள் இரக்கப்பட்டு அவர்களை மரத்தில் கயிறு போட்டுக் கட்டினான். மறுவாரம், சரியாகச் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று ஊரில் முடிவாகி, ஆளுக்கு இரண்டு கேழ்வரகுக் களி உருண்டை விழுங்கிவிட்டுப் போனார்கள். சிலர் இடுப்பில் அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டார்கள். குழவியும் மிதந்தது.

பிறகு திருப்பதி. கல் கம்பெனியின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் இருந்தது. அதன் எதிரே உட்கார்ந்தவர்கள் மூன்றாவது மாடி ஜன்னல் வரை போனார்கள். மொட்டையடித்த பக்தர்கள் கீழேயிருந்து போட்டோ எடுத்தார்கள். இதுவும் ஏதோ பெருமாளின் லீலை என்று நினைத்து ஒரு குடும்பம் சூடம் ஏற்றிக் காட்டியது. டி.வி.யில் ஒரு நாள் வந்தது. மறுநாள் அதே டி.வி.க்கு வேறு வேலை இருந்தது.

அன்றைக்கு மேலேயிருந்து லட்சுமம்மா கத்தினாள். "ஏய் மங்க! இங்கேர்ந்து எல்லா ஜன்னலும் தெரியுதுடி. உள்ள டீ குடிச்சிகினு கீறாங்க. ஒருத்தன் கையும் நிக்கல. நம்ம நகரில உக்காந்தப்போ தறி சத்தமே இல்லாம தெரு பொணமாட்டம் கெடந்துதே!"

மங்கை அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பினாள். விஷயம் அவ்வளவுதான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது, விளங்கியதில் கோபம் இன்னும் ஏறியது. எதிராளிக்கு உன்னிடமிருந்து என்ன வேண்டுமோ அதுதான் உன் எடை. தறி முதலாளிக்குத் தறிக்காரன் கை வேண்டும். கல் கம்பெனிக்கு இந்த ஊரிலிருந்து எதுவும் வேண்டாம். மெஷின் உடைக்கிறது, ஒடிசாவிலிருந்து வந்த ஆட்கள் வெடி வைக்கிறார்கள். இந்த ஊர் முழுக்கப் பட்டினி கிடந்து செத்தாலும் ஒரு ஜல்லி குறையாது. எத்தனை நாள் உட்கார்ந்தோம், எவ்வளவு உண்மையாக உட்கார்ந்தோம் என்பதெல்லாம் தராசில் ஏறாது.

அப்படியென்றால் கம்பெனிக்கு யார் வேண்டும்? கோடை முழுக்க அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைச்சரிவில் உட்கார்ந்து கல் உடைக்கும் கிரஷரைப் பார்த்தாள். ஒரு நாள் கேட்டருகே ஒரு லாரி ஆக்ஸில் ஒடிந்து நின்றது, பின்னால் வந்தவை நுழைய முடியவில்லை. மேலே ஜல்லி கொட்டக் கொட்டக் குவியல், ஜல்லியைக் கொண்டுவரும் பெல்ட் வரை ஏறியது. சாயங்காலத்துக்குள் கிரஷரை நிறுத்திவிட்டார்கள். மலையில் குவிக்க இடமே இல்லை. ஜல்லி உடைய உடையத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். லாரிகள் கம்பெனியுடையவை இல்லை. நகரி, புத்தூர் ஆட்களுடையவை.

அவள் ஊரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டின் முன் உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் மிதக்கவில்லை. ஒரு மூட்டை நெல் அளவுக்குக் கனத்தார்கள், அவ்வளவுதான். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், அம்மா அக்காவை இழுத்துத் திட்டினார்கள். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஊர்ப் பையன் சாய்குமார் கல்லெடுத்து எறிந்தான். முன்னால் நின்ற லாரியின் கண்ணாடி உடைந்து டிரைவர் இஸ்மாயிலின் நெற்றி கிழிந்தது. கல் கீழே விழுவதற்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஆகாயத்தில் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் பட்டத்தை இறக்குவது போலக் காலைப் பிடித்து இழுத்து ஒவ்வொருவராக வேனில் போட்டார்கள். டிரைவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் தட்டியதுதான் மங்கைக்குத் தாங்கவில்லை.

ஜாமீனில் வந்த அன்றே அவள் நகரிக்குப் போய் இஸ்மாயில் வீட்டு வாசலில் நின்றாள். நெற்றியில் தையலோடு அவர் கட்டிலில் படுத்திருந்தார்.

"இன்னாமா, மிச்ச மண்டையையும் ஒடைக்க வந்தியா?"

"தப்பு எங்களுது அண்ணா. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். கூட ஒரு கேள்வியும் கீது."

"கேள்வி நான் கேக்கறேன். கம்பெனிய மூடு, கம்பெனிய மூடுன்னு கத்தினியே, மூடினா எம் பொண்ணு காலேஜ் பீஸு நீயா கட்டுவ? படிச்ச புள்ளதானே நீ? எங்க வயித்த அடிச்சிகினே எங்கள வழி விடாம மறிச்சா நாங்க யார் பக்கம் நிப்போம்?"

மங்கைக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து கேட்டாள். ஓவர்லோடு ஏற்றச் சொல்வது கம்பெனி, பிடிபட்டால் அபராதம் டிரைவருக்கு. கேட்டில் காக்கவைத்த நேரத்துக்குக் கூலி கிடையாது. தூளை விழுங்கி விழுங்கி இஸ்மாயில் ராத்திரியெல்லாம் இருமினார்.

ஊருக்கு வந்து அவள் இரண்டு விஷயம் சொன்னாள். கம்பெனியை மூடு என்று இனி யாரும் வாய் திறக்கக் கூடாது. கால்வாயைத் தோண்டிக் கொடு, இனிமேல் கொட்டாதே, தூளுக்குத் தண்ணீர் அடி, டிரைவருக்குக் காத்திருந்த கூலி கொடு. இவ்வளவுதான் கேட்பது. இரண்டாவது, கோபம் அடங்காதவன் அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்கலாம், கேட்டுக்கு வரக் கூடாது. "கோவம் உனக்கு மட்டுந்தான் கீதா?" என்று சாய்குமார் எகிறினான். "உன்னவிட எனக்கு ஜாஸ்தி. அதான் கல்ல கீழ போட்டுட்டு உக்காந்துகினு கீறேன்" என்றாள். அவன் வெங்காயம் உரிக்கப் போனான். நன்றாகவே உரித்தான்.

டிரைவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் லாரிக்கு லோடு நின்றுவிடும், அது அவர்களுக்கு முடியாது. உட்காரச் சொல்லி மங்கையும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை ஊர் மறுபடி கேட்டின் முன் உட்கார்ந்தது. அன்றைக்கு வடமாலைப்பேட்டைப் பக்கம் ஒரு லாரிக்கு டயர் பஞ்சர். அதன் பின்னால் வந்ததற்கும் பஞ்சர். புத்தூரில் நாலு லாரிக்கு ரேடியேட்டர் சூடு. இஸ்மாயிலின் லாரிக்கு எதுவும் ஆகவில்லை, டீக்கடையில் அவருக்கு டீ ஆறவே இல்லை, சூடு குறையட்டும் என்று அவர் காத்திருந்தார். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. யார் தலைவன் என்று பிடித்துப்போடவும் முடியவில்லை.

கேட்டின் முன் உட்கார்ந்திருந்தவர்கள் கனக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் தார் ரோடு அவர்களுக்குக் கீழே மெத்தை போலக் குழிந்தது. "லேவண்டம்மா, லேவண்டி" என்று எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சிய இன்ஸ்பெக்டர் மங்கையின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கிரேன் வந்தது. லட்சுமம்மாவுக்குப் பெல்ட் மாட்டித் தூக்கியபோது கிரேனின் பின்சக்கரம் எழும்பியது. "பாத்து தூக்குபா, புடவ கிழியப்போவுது" என்றாள் அவள். அன்று மதியம் கம்பெனியின் அடியாட்கள் தடியோடு வந்தார்கள். இதே ஆட்கள் போன வருஷம் கால்வாயில் யாரும் பார்க்காத இடத்தில் இதே ஊரை அடித்திருக்கிறார்கள், அதனால் ஒன்றும் ஆகவில்லை. இப்போது பஞ்சரான லாரிகளின் டிரைவர்கள் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள், கேட்டுக்கு உள்ளே ஒடிசாக்காரர்கள் பார்த்தார்கள். அடி வாங்கினவர்களில் ஒருவரும் கை ஓங்கவில்லை. ஏகாம்பரத்தின் மேல் விழுந்த தடி பாறையில் விழுந்தது போல இரண்டாக முறிந்தது. அவருக்கு வலித்தது, அது வேறு விஷயம். உள்ளே வெடி வைக்கிறவர்கள் ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றிக் கேட்டின் மேல் மாட்டிவிட்டு நிழலுக்குப் போனார்கள். ஜல்லி பெல்ட்டை மூடியது. கிரஷர் நின்றது. அவ்வளவு வருஷத்தில் முதல் முறையாக அந்த மலையில் மைனா கத்துவது கேட்டது.

கம்பெனி பேச வந்தது. மேனேஜர் நாற்காலி போடச் சொன்னார். மங்கை ரோட்டில் உட்கார்ந்தபடியே பேசினாள், அவர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கால்வாயைக் கம்பெனி மெஷினே தோண்டியது. ஐப்பசியில் தண்ணீர் ஏரிக்கு வந்தது. ஏகாம்பரம் நாற்று விட்டார், சென்னை வேலையைப் பற்றி யார் கேட்டாலும் எந்தச் சென்னை என்றார்.

அதற்குப் பிறகு பல ஊர்க்காரர்கள் மங்கையை வந்து கூப்பிட்டார்கள். ராமகுப்பம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் லட்சுமம்மாவை மட்டும் இரவல் கேட்டது. மங்கை எல்லாரிடமும் ஒன்றையே கேட்பாள். "நீங்க நின்னா அங்க யாரு கை நிக்கும்? அத்த மொதல்ல பாத்துட்டு வாங்க." சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். சிலர் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இப்போதும் ஏதாவது வேலையாகச் சித்தூர் ஆபீசுக்குப் போனால் அவள் பெஞ்சின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் உட்காருகிறாள். புத்தூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நடு சீட்டைக் காட்டுகிறார். கிரஷர் கேட் வரும்போது பஸ் ஒரு முழம் அமுங்கும். டிரைவர் பேச்சை நிறுத்தாமலே கியரைக் குறைக்கிறார், கேட் தாண்டியதும் மறுபடி ஏற்றிக்கொள்கிறார்.