உணர்ந்து வருவார்

நன்றியுரையை வெண்பாவில் எழுதப்போகிறேன் என்று டீச்சர் சொன்னதும் மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆறு வருஷமா உரைநடையிலயே என்னை அழ வெச்சீங்க. இப்ப செய்யுள் வேறயா?"

டீச்சர் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. ஐம்பதை நெருங்கும் வயதில், பள்ளி முடிந்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு ஓடி ஓடி வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருடைய நெறியாளரான மேடம் அவரைவிட ஏழெட்டு வயது இளையவர். அதனால் ஆய்வாளர் நெறியாளரை 'மேடம்' என்பார். நெறியாளர் ஆய்வாளரை 'டீச்சர்' என்பார். துறையில் எல்லோருக்கும் இது வேடிக்கை. ஆய்வின் தலைப்பே விளிச்சொற்கள்தான். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்பதை டீச்சர் பதிவுசெய்து, வகைபிரித்து எழுதியிருந்தார்.

ஆய்வேட்டில் முதலில் நெறியாளரின் சான்றிதழ் வரும். அடுத்து ஆய்வாளரின் உறுதிமொழி, அதன்பின் நன்றியுரை. சான்றிதழுக்கும் உறுதிமொழிக்கும் வாசகம் கட்டாயம். ஒரு சொல்லை மாற்றக்கூடாது. நன்றியுரைக்கு மட்டும் விதி கிடையாது. அந்த ஒரு பக்கத்தில்தான் மூச்சு விடலாம்.

டீச்சர் முதலில் எழுதிய வெண்பாக்களில் மேடம் கடலாகவும் மலையாகவும் இருந்தார். கணினியில் மேடம் குறிப்புப் பெட்டி போட்டு அனுப்பினார்: 'நான் கடல் இல்லை. எனக்கு நீச்சலே தெரியாது.' அடுத்த வடிவில் டீச்சரின் கணவர் தெய்வமானார். அதற்கும் ஒரு பெட்டி: 'அவர் நிஜமாக என்ன செய்தார்? அதைச் சொல்லுங்கள்.'

நிஜமாக அவர் செய்தது ஒன்றுதான். மின்பணியாளரான அந்த மனிதர், "இன்னும் முடியலையா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. கல்லூரி போகும் மகளும் கேட்டதில்லை. டீச்சர் எழுத உட்கார்ந்தால் தொலைக்காட்சியின் சத்தம் தானாகக் குறையும். அவ்வளவுதான். அதையே டீச்சர் எழுதினார். கடைசி வடிவம் இப்படி வந்தது:

திருத்தும் எழுதுகோல் கைக்கொண்டு தேடி
ஒருசொல் மிகினும் உணர்ந்து – வருவார்
முடுக்காமல் கேட்காமல் மூச்சடக்கி நின்ற
குடும்பத்தார் தந்த கொடை.

மேடம் பென்சிலின் பின்பக்கத்தால் மேஜையைத் தட்டித் தட்டி அசை பிரித்தார். "தி-ருத், தும். நிரை நேர். புளிமா. அடுத்தது நிரைல தொடங்கணும். எ-ழு. சரி." கடைசிச் சீர்வரை தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நன்றிங்கிற சொல்லே இல்லையே?"

"ஒரு சொல் மிச்சமாச்சு மேடம்."

"எது கொடைன்னும் சொல்லலை."

"புத்தகம் படிக்கறவங்க கையில இருக்குமே."

மேடம் பென்சில் முனையை இரண்டாம் வரியின் முடிவில் வைத்தார். "வருவார்னு போட்டிருக்கீங்களே, அது நல்லா இருக்கு," என்றார். அன்று மாலை கோப்பில் கடைசிக் குறிப்பு வந்தது. 'வருவார்' என்ற சொல்லின் ஓரத்தில் ஒரு பெட்டி: 'சரி. கை வைக்காதீர்கள்.'

அந்த வார இறுதியில் மேடம் குளியலறையில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

துறைத்தலைவர் புதிய நெறியாளராக நியமிக்கப்பட்டார். நல்ல மனிதர். ஆய்வேட்டை முழுவதும் படித்தார். பிறர் எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை அறிக்கையை வாங்கி இணைத்தார். சான்றிதழில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். சந்திப்பு மட்டும் மேடத்தின் பழைய அறையில் நடந்தது, ஏனென்றால் தலைவரின் அறையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேடத்தின் நாற்காலியில் உட்காரவில்லை. அதைச் சுவரோரம் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றை இழுத்துக்கொண்டார். திரும்பிக்கிடந்த நாற்காலி, பேச்சுப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆளைப்போல இருந்தது.

"எல்லாம் சரிம்மா. இந்த நன்றியுரைதான் இடிக்குது. 'வருவார்'னா எப்படி? இறந்தகாலத்துக்கு மாத்திடுங்க."

டீச்சர் ஏற்கனவே முயன்றிருந்தார். 'வந்தார்' என்று போட்டால் கதை கந்தலாகிவிடும். முன்னால் இருக்கும் 'உணர்ந்து' மாச்சீர். மாச்சீருக்குப் பின் நிரையசை வந்தால்தான் வெண்டளை, 'வந்' நேரசை. தளை தட்டும். திருத்தும், ஒருசொல், வருவார் என்று ஓடிவரும் எதுகையும் போய்விடும். 'உணர்ந்து' என்பதை 'உணர்ந்தே வியந்து' என்றெல்லாம் நீட்டிப் பார்த்தார். நீட்டிய இடமெல்லாம் மிகைச்சொல் வந்து நின்றது. ஒரு சொல் மிகுந்தாலும் உணர்பவரைப் பற்றிய வரியில் ஒரு மிகைச்சொல்லா? ஒவ்வொரு முறை கோப்பைத் திறந்தபோதும் ஓரத்தில் அந்தப் பெட்டி காத்திருந்தது. கை வைக்காதீர்கள்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. "இருந்தார்! 'இருந்தார்'னு போடுங்கம்மா. நிரை நேர். எதுகையும் நிக்குது, பாருங்க."

உண்மைதான். தாளில் எல்லாம் பொருந்தியது. இவ்வளவு எளிதாகக் கிடைத்தது டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

"வாய்விட்டுப் படிச்சுப் பாக்கறேன் சார்."

"ஒருசொல் மிகினும் உணர்ந்து இருந்தார்..." வாயில் அது நிற்கவில்லை. உணர்ந்துவின் கடைசி உகரம் அடுத்த இகரத்தில் கரைந்து, 'உணர்ந்திருந்தார்' என்று ஒட்டிக்கொண்டது. ஒரு சீர் காணாமல் போனது. மறுபடி நிறுத்திப் படித்தார். மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை படித்தபோது மேஜைமேல் கிடந்த பென்சில் மெல்ல உருண்டு கீழே விழுந்தது.

மின்விசிறிக் காற்றுதான். இருவருக்கும் அது தெரியும். ஆனாலும் தலைவர் குனிந்து எடுக்கவில்லை, டீச்சரும் எடுக்கவில்லை.

"உங்க இஷ்டம்மா," என்றார் தலைவர். "நான் சொன்னது நல்லதுக்குத்தான்."

"வெண்பாவுக்குக் கீழே உங்களுக்கு ஒரு வரி உரைநடையில எழுதறேன் சார். தப்பா நினைக்காதீங்க."

"எனக்கெதுக்கு வெண்பா? நான் செஞ்சது கையெழுத்துத்தானே."

வீட்டில் கணவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். "மூச்சடக்கி நின்னேனா? நான் குறட்டை விட்டுத் தூங்கினேன்."

"குறட்டை தளையில அடங்கலை."

அவர் சிரிக்கத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அவங்க இருக்கறமாதிரியே எழுதிட்டா உனக்கு மனசு தாங்குமா?"

"தெரியலை. இல்லாதமாதிரி எழுத வரலைங்க."

அச்சகத்தில் கோப்பைத் திறந்த பெண், ஓரத்துக் குறிப்புகளை எல்லாம் நீக்கினால்தான் அச்செடுக்க முடியும் என்றாள். திரையின் வலப்பக்கம் முழுவதும் பெட்டிகள். 'சான்று எங்கே?' 'இது நல்ல அவதானிப்பு.' 'டீச்சர், சாப்பிட்டீர்களா? இந்தப் பத்தி பசியில் எழுதியதுபோல் இருக்கிறது.'

"மொத்தமா நீக்கிடவா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாரோ தன்னை மேடம் என்று அழைத்தது டீச்சருக்குச் சுருக்கென்றது. தலையை மட்டும் ஆட்டினார். ஒரே தட்டு. ஆறு வருடப் பேச்சு ஓசையில்லாமல் போய், பக்கங்கள் வெளுத்து அகன்று நின்றன. வெண்பா மட்டும் நடுவில் அப்படியே இருந்தது. 'வருவார்' என்றே இருந்தது. நீலநிற அட்டையில் பொன்னெழுத்து வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மாணவர்கள், பேராசிரியர்கள், டீச்சரின் கணவரும் மகளும். கடைசி வரிசையில் மேடத்தின் கணவர் உட்கார்ந்திருந்தார். யார் அழைத்தார்களோ தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி நன்றியுரையில் நின்றார். வெண்பாவைக் கணீரென்று படித்தார்.

"சுத்தமா இருக்கு. எங்கயும் தளை தட்டலை. 'வருவார்'னு எழுதியிருக்கீங்க. அந்தத் திருத்தறவங்க இங்க வந்திருக்காங்களா?"

அவருக்கு விவரம் தெரியாது. சான்றிதழில் துறைத்தலைவரின் பெயர், வெண்பாவுக்குக் கீழே அவருக்கு ஒற்றைவரி நன்றி. வெண்பா வேறு யாருக்கோ என்பதை மட்டும் ஊகித்திருந்தார். இறந்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தார்.

"வருவாங்க சார்," என்றது வாய்.

பின்வரிசையில் யாரோ திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். தலைவர் புறத்தேர்வாளரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி. ஒரு கேள்வி கேக்கறேன். விளின்னா முன்னால இருக்கறவங்களைக் கூப்பிடறது. இல்லாதவங்களை விளிக்க முடியுமா? உங்க பதிவுல அப்படி ஏதாவது கிடைச்சதா?"

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கிடைச்சுது சார். நாலாம் அத்தியாயம். ஒரு பையன் ஊர் மாறிப் போயிட்டான். ஆனா அணி பிரிக்கும்போது பசங்க அவன் பட்டப்பேரைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. 'டேய் குண்டூசி, நீ நம்ம பக்கம்டா'ன்னு. விளையாட்டுக்காகச் சொல்லலை. அவன் நிக்கற இடத்துல ஒரு ஆள் இடைவெளியும் விட்டாங்க. இதை எந்த வகையில சேக்கறதுன்னு எனக்குத் தெரியலை. தனியா வைங்கன்னு மேடம் சொன்னாங்க. தனியாத்தான் வெச்சிருக்கேன்."

மேலும் கேள்விகள் வந்தன. டீச்சர் பதில் சொன்னார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகப் புறத்தேர்வாளர் எழுந்து அறிவித்தார். கைதட்டினார்கள். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அந்த ஆரவாரத்தில் டீச்சரின் விரல்கள் பழக்கத்தில் அலைபேசியை எடுத்து, மேடத்தின் எண்ணுக்கு 'முடிந்தது மேடம்' என்று அனுப்பிவிட்டன.

கடைசி வரிசையில் ஓர் அலைபேசி ஒலித்தது.

மேடத்தின் கணவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தார். பிறகு தலைநிமிர்ந்து, கூட்டத்தின் ஊடாக டீச்சரைப் பார்த்தார்.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தபின் இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள்.

"அணைக்க மனசு வரலைங்க," என்றார் அவர். "தினமும் சார்ஜ் போட்டுடறேன். எங்க போனாலும் எடுத்துட்டுப் போறேன். பைத்தியக்காரத்தனம்னு தெரியுது."

"மன்னிச்சுக்குங்க. கை தவறிப் போச்சு."

"இல்லைங்க. இத்தனை நாளா வங்கியும் கடையும்தான் அனுப்பிக்கிட்டிருந்தாங்க. இன்னிக்குத்தான் அவளுக்குன்னு ஒண்ணு வந்திருக்கு." திரையைக் கட்டைவிரலால் தடவினார். "இதுக்கு நான் பதில் போடணுமா?"

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்."

டீச்சர் ஆய்வேட்டின் ஒரு பிரதியை அவரிடம் நீட்டினார். அவர் பொறியாளர், செய்யுள் பழக்கமில்லை. நின்றபடியே பக்கத்தைத் திறந்து, உதடுகள் அசைய, எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார். இரண்டாம் வரியின் முடிவில் நின்றார். மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"சத்தமாப் படிங்க, பரவாயில்லை," என்றார் டீச்சர்.

அவர் தயங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, படிக்க ஆரம்பித்தார்.