ஒன்பது விநாடி முன்னாள் தலைவர்

மலேசியாவின் கூலிம் நகரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் பிரேமாவதியின் கடைக்குத் தோட்டத்துக் கோவில் தலைவர் காளிதாசன் நேரிலேயே வந்து உட்கார்ந்தார். மாலையில் திரையிடும் கும்பாபிஷேகப் படத்தில் முன்னாள் தலைவர் அம்மாசியின் முகம் இருக்கக் கூடாதாம்.

அம்மாசி வரும் ஒன்பது விநாடியின் தொடக்கத்தில் 'இன்', முடிவில் 'அவுட்' என்று வெட்டுக்குறி வைத்தாள் பிரேமாவதி.

"சும்மா எடுத்தா அந்த இடம் கறுப்பா நிக்கும், அண்ணே. ரிப்பிள் டிலீட் பண்ணா பின்னால உள்ள படம் முன்னால வந்து ஒட்டிக்கும். ஆனா வர்ணனையையும் சேர்த்து வெட்டணும்."

"கறுப்பா இருந்தா யாரைத் தூக்குனேன்னு கேப்பாங்க லா. ரிப்பிளே போடு. வர்ணனையில மட்டும் கை வைக்காதே, நானே எழுதுனது."

அவள் வர்ணனைத் தடத்தை அசையாதபடி பூட்டிவிட்டு, அந்த ஒன்பது விநாடிப் படத்தை அழித்தாள். படம் முன்னால் நகர்ந்தது. குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. மாலையும் கழுத்துமாகக் காளிதாசன் தோன்றியபோது, "முதுமையால் பதவி இழந்த முன்னாள் தலைவர்" என்றது குரல். அடுத்து அது "நம் ஆலயத்தின் அசையாத் தூண்" என்று முழங்கியபோது, திரையில் பூஜைக்கு வந்த பசு சாணி போட்டுக்கொண்டிருந்தது.

காளிதாசன் தொண்டையைச் செருமினார்.

"என்ன இருந்தாலும் பெரியவங்கள மதிக்கணும்மா. அம்மாசி அண்ணன் இருந்துட்டுப் போகட்டும்."

பிரேமாவதி அன்டூ அழுத்தினாள்.