அக்கா போடாத சட்டை

அக்காதான் அந்தத் துணிக்கடையின் இணையப் படங்களுக்கு மாடல். தங்கை அதே கடையில் படங்களைத் திருத்துகிறவள். அவளுடைய பழைய படத்திலேயே ஏஐ மூலம் சட்டையை மாற்றிவிட்டால் இனி அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்பது மேனேஜரின் கணக்கு.

தங்கை 'நீல லினன் சட்டை' என்று மட்டும் ஏஐக்கு எழுதிக் கொடுத்தாள். வந்த சட்டை பிளாஸ்டிக் போலப் பளபளத்தது.

"ரெயின்கோட்டாம்மா இது? இன்னொரு தடவை பாரு. சரிப்படலைன்னா உங்க அக்காவையே வரச் சொல்லிடலாம்," என்றார் மேனேஜர்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அரைகுறை வேலை அவளுக்கு உறுத்தியது. மேசையில் கிடந்த அசல் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதினாள்: 'கனமில்லாத லினன். நூல் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகப் போகும் சாதா நெசவு. அங்கங்கே தடித்த இழைகள். பளபளப்பு இல்லாத மங்கலான பரப்பு. முழங்கையில் கூர்மையான கசங்கல். வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து.'

படம் அச்சு அசலாக வந்தது. மேனேஜர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அக்கா அதை போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதை எப்போ போட்டேன்னு ஞாபகமே இல்லடி. கசங்கல்கூடத் தெரியுது பாரு. அடுத்து எப்போ வரச் சொன்னாங்க?"

"சொல்லுவாங்க," என்றாள் தங்கை.